கீழ்மாடி வீடு கோரும் கடிதம்

அனுப்புநர்:
மு. சுப்பையா,
சி பிளாக், 4-ஆவது மாடி, 7-ஆம் எண் வீடு,
சுங்கை சிப்புட், பேராக்.

பெறுநர்:
செயலாளர்,
தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுக் கழகம்,
சுங்கை சிப்புட், பேராக்.

10 மார்ச் 2025

மதிப்பிற்குரிய செயலாளர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

பொருள்: நடமாட்டக் குறைபாட்டின் காரணமாகக் கீழ்மாடி வீடு கோருதல்

தோட்டத்து லயத்தை விட்டு வந்ததிலிருந்து சி பிளாக்கில்தான் குடியிருக்கிறேன். எனக்கு வயது 67. இனிப்புநீர் நோயால் கடந்த ஆகஸ்டில் என் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் பொருத்தியிருக்கிறது. சமதரையில் ஊன்றுகோலோடு ஓரளவு நடப்பேன், தூரம் போக சக்கர நாற்காலி வேண்டும். நம் பிளாக்கில் லிப்ட் இல்லை என்பது தாங்கள் அறிந்ததே.

மாடிப்படி ஏறும்போது செயற்கைக் காலின் விளிம்பு தோலில் உரசிப் புண்ணாகிறது. இறங்கும்போது பாரமெல்லாம் வலது காலுக்குப் போகிறது. அந்தக் காலிலும் உணர்ச்சி குறைந்துவிட்டதால் கொப்புளம் வந்தால்கூடத் தெரிவதில்லை, அதையும் இழக்க நேரலாம் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். படிக்கட்டைத் தவிர்க்க வேண்டும் என்று அவர் எழுதிய கடிதத்தையும் பிசியோதெரபி அறிக்கையையும் இணைத்துள்ளேன்.

இப்போது சிகிச்சைக்குப் போகும் நாளில் பக்கத்து வீட்டுப் பையன்கள் இருவர் என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி இறக்குகிறார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் இடம் குறுகல், நாற்காலியைச் சாய்த்துத்தான் திருப்ப வேண்டும். நல்ல பிள்ளைகள், முகம் சுளித்ததே இல்லை. ஆனால் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களை எத்தனை நாள் எதிர்பார்ப்பது? என் மனைவிக்கோ முதுகுவலி. மகன் ஜொகூரில் வேலை செய்கிறான்.

பி பிளாக்கில் கீழ்வீடு ஒன்று காலியாகியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதை எனக்கு ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அது வேறொருவருக்குப் போய்விட்டது என்றால், கீழே தூசியும் சத்தமும் வேண்டாம் என்று மேலே வர விரும்பும் யாரோடும் வீட்டை மாற்றிக்கொள்ளவும் தயார். மழைக்குத் தண்ணீர் தேங்குகிறது என்று மற்றவர்கள் ஒதுக்குகிற பின்பக்கத்து வீடானாலும் சரி.

கழகத்துக்குச் செலவு வைக்க மாட்டேன். வாசற்படி 15 சென்டிமீட்டர் உயரம். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவுக் கணக்கில் 1.8 மீட்டர் நீளத்துக்குச் சாய்தளம் போட்டால் போதும். குளியலறைக் கைப்பிடி, உட்காரும் கழிப்பறை இரண்டையும் மகன் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறான். கழகம் எழுத்து மூலம் அனுமதி தந்த பிறகே வேலையைத் தொடங்குவோம். பராமரிப்புக் கட்டணத்தில் பாக்கி இல்லை, ரசீதுகளைப் பார்க்கலாம்.

இந்த மாதக் கூட்டத்திலேயே என் மனுவை எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். நிர்வாகக் குழுவில் யாராவது நேரில் வந்து பார்க்க விரும்பினால் எந்த நாளும் வரலாம், நான் வீட்டில்தான் இருப்பேன். அப்புறம் ஒன்று: என்னைக் கூட்டத்துக்கு அழைப்பதாக இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். என்னைக் கீழே இறக்க ஆள் பார்க்க வேண்டும்.

நன்றி.

இப்படிக்கு,
மு. சுப்பையா

இணைப்பு: மருத்துவர் கடிதம், பிசியோதெரபி அறிக்கை, சமூகநலத் துறை வழங்கிய ஓகேயு அட்டை நகல், அடையாள அட்டை நகல்