பிரிவு மாற்றம் கோரி விண்ணப்பம்

வேளச்சேரி, சென்னை
ஜூலை 17

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். 7ஆம் வகுப்பு பி பிரிவில் படிக்கும் என் மகனை (வருகை எண் 23) பின் பெஞ்சு மாணவர்கள் இருவர் மூன்று வாரமாகத் துன்புறுத்துகிறார்கள். அவனுக்குத் திக்கும், அதைச் சொல்லிக் காட்டித்தான் ஆரம்பித்தார்கள். 8ஆம் தேதி சாப்பாட்டைக் கொட்டினார்கள். 15ஆம் தேதி சட்டையில் மை தெளித்தார்கள். அந்தச் சட்டையைத் துவைக்காமல் வைத்திருக்கிறேன். மறுநாளே டைரியில் வகுப்பாசிரியருக்கு எழுதினேன். தினமும் காலையில் வயிற்றுவலி என்கிறான், ஞாயிற்றுக்கிழமை வலிப்பதில்லை.

தயவுசெய்து அவனை ஏ பிரிவுக்கு மாற்றுங்கள். அதுவரை, நாளை முதலே முன் பெஞ்சில் உட்கார வையுங்கள். மதிய இடைவேளையிலும் வேன் ஏறும்போதும் ஓர் ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டும். வகுப்பின் முன் நிறுத்தி அவனை விசாரிக்க வேண்டாம். அந்த இருவரும் குழந்தைகளே, அடிக்காமல் பேசித் திருத்துங்கள். எடுத்த நடவடிக்கையை வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாணவனின் தாய்