உற்றுநோக்கிக் கற்றலும் முன்மாதிரியும்: சேலத்திலும் ஏற்காட்டிலும் வகுப்பறையில் கண்டவை

(பி.எட். இரண்டாம் ஆண்டு, உளவியல் தாளுக்கான ஒப்படைப்பு. மாணவர் பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன.)

பணிப்பயிற்சியின் மூன்றாம் வாரம். சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். சாக்பீஸ் தீர்ந்துபோக, லீடர் கோகுலிடம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். திரும்பி வரும்போது வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன். உள்ளே டஸ்டரால் மேசையில் மூன்று தட்டு. பிறகு கோகுலின் குரல்: "ஒரு தடவ சொன்னா புரியாதா? ஒரு தடவ சொன்னா புரியாதா?" அதே இரட்டிப்பு, அதே இழுப்பு. தட்டிவிட்டு இடது கையை இடுப்பில் வேறு வைத்துக்கொண்டான். அப்படி நிற்பது என் பழக்கம் என்று அதுவரை எனக்கே தெரியாது.

டஸ்டரைத் தட்டி வகுப்பை அடக்கும் முறையை நான் யாருக்கும் கற்பிக்கவில்லை. பாடக் குறிப்பேட்டில் எழுதவில்லை, பயிற்சி கொடுக்கவில்லை, செய்தவனைப் பாராட்டவும் இல்லை. ஆனாலும் அவன் கற்றிருந்தான். இந்தக் கட்டுரை அந்தக் கற்றலைப் பற்றியது.

கோட்பாடு

பரிசு, பாராட்டு போன்ற வலுவூட்டல் கிடைத்தால்தான் நடத்தை நிலைக்கும் என்ற கருத்து ஓங்கியிருந்த காலத்திலேயே, 1941இல், மில்லரும் டொலார்டும் போலச்செய்தலைப் பற்றி எழுதினார்கள். பிறர் செய்வதைப் போலச் செய்து, அதற்குப் பரிசு பெற்று, அதனால் கற்பது என்பது அவர்கள் விளக்கம். ஆல்பர்ட் பண்டூரா (1925–2021) இதில் ஓர் அடி தாண்டினார். பார்த்த அளவிலேயே கற்றல் நடந்துவிடலாம். செய்து காட்டுவதும் பரிசு பெறுவதும் பிறகு வருபவை என்றார். 1977இல் இதைச் சமூகக் கற்றல் கோட்பாடு என்ற தலைப்பில் நூலாகத் தந்தார். 1986இல் சிந்தனையின் பங்குக்கு அழுத்தம் கொடுத்து, சமூக அறிதிறன் கோட்பாடு என்று பெயரை மாற்றிக்கொண்டார்.

போபோ பொம்மைச் சோதனையை எல்லோரும் எழுதுவார்கள். அதில் பெரும்பாலோர் எழுதுவது 1961ஆம் ஆண்டுச் சோதனையை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியின் 72 குழந்தைகள். 24 பேர் முன்னால் ஒரு பெரியவர், காற்றடைத்த பொம்மையைச் சுத்தியலால் அடித்து, மேலே உட்கார்ந்து மூக்கில் குத்தினார். 24 பேர் முன்னால் அமைதியாக விளையாடினார். மீதி 24 பேர் யாரையும் பார்க்கவில்லை. பின்னர் குழந்தைகளுக்கு நல்ல விளையாட்டுச் சாமான்களைக் காட்டி, விளையாடத் தொடங்கியதும் பறித்து, லேசாக எரிச்சலூட்டி, பொம்மை இருந்த அறைக்கு அனுப்பினார்கள். அடிப்பதைப் பார்த்தவர்கள் அதே அடியை, அதே சொற்களோடு செய்தார்கள்.

ஆனால் ஆசிரியருக்கு அதிகம் பயன்படுவது 1965ஆம் ஆண்டுச் சோதனை என்பது என் கருத்து. 66 குழந்தைகளுக்கு ஒரு படம் காட்டப்பட்டது. அடிக்கும் பெரியவருக்கு ஒரு முடிவில் மிட்டாயும் குளிர்பானமும், ஒரு முடிவில் திட்டும் அடியும், மற்றொன்றில் எதுவும் இல்லை. தண்டனையைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே போலச் செய்தார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் "தண்டித்தால் கற்கமாட்டார்கள்" என்று முடித்திருக்கலாம். பண்டூரா அடுத்து, பார்த்ததைச் செய்து காட்டினால் பழச்சாறும் பட ஸ்டிக்கரும் உண்டு என்றார். உடனே மூன்று குழுக்களும் ஏறக்குறைய சமமாகச் செய்து காட்டின. ஆக, தண்டனையைப் பார்த்தவர்களும் கற்றிருந்தார்கள், வெளிக்காட்டவில்லை, அவ்வளவுதான். கற்றல் வேறு, வெளிப்பாடு வேறு.

எங்கள் ஊருக்கு இது புதிதல்ல. அம்மாப்பேட்டையில் தறி ஓடும் வீட்டிலிருந்து வரும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. தறிக்குழியில் அவளை உட்கார விட்டதில்லை, "படிக்கிற புள்ள" என்று. ஒருநாள் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது பாவு இழை அறுந்தது. இரண்டு நுனியையும் எடுத்து, எச்சில் தொட்டு முறுக்கி, முடிச்சுப் போட்டு, மிச்சத்தைக் கிள்ளிவிட்டதாகச் சொன்னாள். "யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டேன். "யாரும் இல்ல மிஸ். அம்மா கைய பாத்துட்டேதான இருக்கேன்" என்றாள். பல ஆண்டுகள் வெளிப்படாமல் கிடந்த கற்றல், தேவை வந்த அன்று வெளியே வந்தது.

நான்கு படிகள்

கவனித்தல், நினைவில் இருத்துதல், செய்து காட்டும் திறன், ஊக்கம் என்று நான்கு படிகளைப் பண்டூரா சொல்கிறார். நான்கும் சரியாக அமைந்தால்தான் பார்த்தது நடத்தையாகும். அந்தத் தறி வீட்டுப் பெண்ணிடம் நான்கும் இருந்தன. என் வகுப்பில் முதல் படியே தவறியது.

கவராயத்தால் கோணத்தை இருசமக்கூறிடுவதைக் கரும்பலகையில் செய்து காட்டினேன். பாதிப் பேர் வில்லைத் தப்பாக வரைந்தார்கள். எங்கள் வழிகாட்டி ஆசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மணி அடித்ததும் சொன்னார்: "நீங்க வரையும்போது உங்க முதுகுதாம்மா தெரியுது. கை எங்க தெரியுது?" மறுநாள் பக்கவாட்டில் நின்று, ஒவ்வோர் அசைவுக்கும் வாயால் சொல்லிக்கொண்டே வரைந்தேன்: "முனைய உச்சில ஊனு, அகலத்த மாத்தாத, ரெண்டு கையிலயும் வெட்டு." அந்தச் சொற்களைப் பிள்ளைகள் முணுமுணுத்தபடியே வரைந்தார்கள். கவனித்தலும் நினைவில் இருத்துதலும் சேர்ந்து நடப்பது இப்படித்தான். பார்த்ததைச் சொல்லாகவோ படமாகவோ மாற்றி வைத்துக்கொண்டால்தான் அது தங்கும். மூன்றாம் படியில் கவராயத்தின் திருகு லூசாக இருந்ததும் ஒரு காரணம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எவ்வளவு கவனித்தாலும் கையில் கருவி ஆடினால் கோணம் கோணல்தான்.

ஊக்கம், அதிலும் பிறருக்குக் கிடைத்ததைப் பார்த்து வருவது

வகுப்பு நடத்தையில் சிக்கல் வருவது பெரும்பாலும் நான்காம் படியில். தனக்குக் கிடைக்கும் பரிசு மட்டுமல்ல, பக்கத்துப் பையனுக்குக் கிடைப்பதும் மாணவனைத் தூண்டும். இதைப் பதிலி வலுவூட்டல் என்கிறோம்.

"கை தூக்கிட்டுதான் பதில் சொல்லணும்" என்று முதல் நாளே விதி போட்டேன். ஒரு வாரத்தில் வகுப்பு முழுக்கக் கத்தியது. என் வகுப்பைப் பதிவு செய்த ஒலிக்கோப்பைக் கேட்டபோதுதான் காரணம் விளங்கியது. கை தூக்கியவர்கள் காத்திருக்க, இருந்த இடத்திலிருந்து "பதினெட்டு மிஸ்!" என்று கத்தியவனுக்கு "ஆங், கரெக்ட்" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருக்கிறேன். விதியைச் சொன்னது என் வாய். பரிசு கொடுத்ததும் அதே வாய். பிள்ளைகள் இரண்டாவதைக் கற்றார்கள்.

மாற்றுவது எளிதாக இல்லை. கத்திச் சொன்ன பதில் சரியாக இருந்தாலும் காதில் வாங்காமல், கை தூக்கியவரை மட்டும் பெயர் சொல்லி அழைத்தேன். முதல் சில நாள் இன்னும் பலமாகக் கத்தினார்கள். பிறகு, எப்போதும் கத்தும் சந்தோஷ் ஒருநாள் கையைத் தூக்கிவிட்டு, மறந்துபோய் கத்தியும்விட்டு, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். அவனை அடுத்த கேள்விக்கு அழைத்தேன். அந்த பெஞ்சில் மற்ற மூவரும் மறுநாள் கை தூக்கினார்கள்.

ஜேக்கப் கூனின் இதன் மறுபக்கத்தை ஆராய்ந்தார். தன் வகுப்பில் செய்தித்தாள் படித்த ஒரு மாணவரைக் கண்டித்தபோது, கண்டிக்கப்படாத மற்றவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கவனித்த பிறகுதான் அவருக்கு இந்த ஆர்வம் வந்தது. ஒருவருக்குச் சொன்னது சுற்றியிருப்பவர்களிடம் பரவுவதை அவர் அலை விளைவு என்றார். பேசுகிறவர் பெயரைப் போர்டில் எழுதச் சொல்லும் நம் ஊர் வழக்கம் இந்த அலையை நம்பித்தான் நடக்கிறது. நான் பார்த்தவரை, பெயர் போர்டில் ஏறினால் வகுப்பே திரும்பிப் பார்க்கிறது. சில பையன்களுக்கு அதுவே பரிசாகிவிடுகிறது.

மலையில் ஒரு கழித்தல் கணக்கு

பயிற்சியின் கடைசி வாரங்கள் ஏற்காட்டில், மலைவாழ் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளியில். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் இறங்கினால் தலை சுற்றும். அதோடு ஐந்தாம் வகுப்பு. கடன் வாங்கிக் கழித்தலில் பலர் தடுமாறினார்கள். நான் போர்டில் செய்து காட்டினால் "புரிஞ்சுது மிஸ்" என்பார்கள், நோட்டில் தப்பாக இருக்கும்.

ஷங்கும் ஹான்சனும் 1985இல் இதே வகைக் கழித்தலை வைத்துச் செய்த ஆய்வு நினைவுக்கு வந்தது. கணக்கில் பின்தங்கிய குழந்தைகளில், சக மாணவர் செய்வதைப் பார்த்தவர்களுக்கு, ஆசிரியர் செய்வதைப் பார்த்தவர்களைவிடத் தன் திறன் மீது நம்பிக்கையும் மதிப்பெண்ணும் கூடின. அதனால் முதல் ரேங்க் பெண்ணை விட்டுவிட்டு, போன வாரம்வரை தடுமாறிய வேலுவை அழைத்தேன். 503இலிருந்து 287. சத்தமாகச் சொல்லிக்கொண்டே போட்டான்:

"மூணுல ஏழு போவாது. பக்கத்துல கடன் கேக்கறேன். அவன்கிட்ட பூஜ்யம்… ஐயோ, அவனே ஒண்ணும் இல்லாதவன். அப்ப அஞ்சுகிட்ட போறேன். அஞ்சு நாலாவுது, பூஜ்யம் பத்தாவுது. இப்ப பத்து ஒண்ணு குடுத்து ஒம்போதாவுது. பதிமூணுல ஏழு, ஆறு. ஒம்போதுல எட்டு, ஒண்ணு. நாலுல ரெண்டு, ரெண்டு. எரநூத்திப் பதினாறு."

இடையில் அந்த "ஐயோ" முக்கியம். தடுமாறி, பிறகு சமாளித்துக் காட்டும் முன்மாதிரி அது. என் செய்முறையில் தடுமாற்றமே இல்லை. ஆகையால் தடுமாறுகிற பிள்ளை என்னோடு தன்னை ஒப்பிட முடியவில்லை. பூஜ்யத்தை "ஒண்ணும் இல்லாதவன்" என்றே அன்று முதல் வகுப்பு முழுக்கச் சொல்லியது.

பிரம்பு கற்பிப்பது

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு உளவியலை மட்டும் பார்த்தாலும் அடி தோற்கும். அடி வாங்கியவனும் பார்த்தவர்களும், "பெரியவர், கோபம் வந்தால், சிறியவரை அடிக்கலாம்" என்பதைக் கற்கிறார்கள். ஆசிரியர் முன்னால் வெளிவராது. இடைவேளையில், தன்னைவிடச் சின்னவனிடம் வெளிவரும். பயிற்சிக் காலத்தில் நான் பார்த்த ஒரு பள்ளியில் லீடரின் கையில் ஸ்கேல் கொடுத்திருந்தார்கள். அவன் அடித்த கோணம்கூட வகுப்பாசிரியருடையது.

எல்லைகள்

பொம்மை அடிப்பதற்கென்றே செய்தது போலிருக்கும், விழுந்தால் எழுந்து நிற்கும். அதை அடிப்பதும் மனிதரை அடிப்பதும் ஒன்றா என்று பண்டூராவை விமர்சிப்பவர்கள் கேட்பது நியாயம். பல்கலைக்கழக மழலையர் பள்ளிக் குழந்தைகளை வைத்து எல்லாக் குழந்தைகளையும் சொல்லிவிடவும் முடியாது. என் குறிப்புகளோ சோதனையே அல்ல. ஒப்பிட இன்னொரு வகுப்பு இல்லை, சந்தோஷ் மாறியதற்கு வீட்டில் வேறு காரணம் இருந்திருக்கலாம்.

கோகுலைப் பற்றி ஒன்று மிச்சம். அன்றைக்குப் பிறகு டஸ்டர் தட்டுவதை நிறுத்தினேன். வகுப்பு இரைந்தால் பேசாமல் நின்று வலது கையை உயர்த்துவேன். பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் கை உயர்த்த, சத்தம் அடங்கும். நான் இருக்கும்போது கோகுலும் அப்படித்தான் செய்தான், என்னைவிட நிமிர்ந்து நின்று. பணிப்பயிற்சி முடிந்து, சான்றிதழில் தலைமையாசிரியர் கையெழுத்து வாங்க ஒருநாள் போயிருந்தேன். நான் வந்தது ஏழாம் வகுப்புக்குத் தெரியாது. ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருக்கும்போது மாடியிலிருந்து மூன்று தட்டு கேட்டது.