பத்து நாள் கேட்டு வாங்கியும் வேலை ஏன் இழுக்குது

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஃபேக்டரிங்கள்ல சீசனுக்கு முன்னாடி நடக்கற வேலைய பார்த்தவங்களுக்கு இது நல்லா தெரியும். பெங்களூரா காய் வரத்து ஆரம்பிச்சா லோடு கேட்ல நிக்கும், தேதிய தள்ள முடியாது, அதனாலயே எல்லாரும் தாராளமா நாள் கேட்டு வாங்கறாங்க, அப்பவும் கடைசி வாரம் ராத்திரி பகலா வெல்டிங் ஓடுது.

அந்த எக்ஸ்ட்ரா நாளெல்லாம் எங்க போச்சு?

கன்வேயர் ஃபேப்ரிகேஷன எடுத்துக்கோங்க. ஃபிட்டர்க்கு நெசமா அஞ்சு நாள் வேலை, பத்துன்னு சொல்றாரு, ஏன்னா போன தடவ அஞ்சு சொல்லி ஏழாச்சுன்னு பேச்சு வாங்கினாரு. பத்து நாள் கைல இருக்கேன்னு நடுவுல வேற பார்ட்டி வேலைய எடுத்துட்டு ஆறாவது நாள்தான் இங்க தகடு வெட்டறாரு. பரீட்சைய ஒரு வாரம் தள்ளி வச்சா பசங்க அந்த வாரமும் கடைசி ராத்திரிதான் புக்க தொறப்பாங்கல்ல, மேனேஜ்மெண்ட் எழுத்தாளர் எலியாஹு கோல்ட்ராட் 1997-ல எழுதின புத்தகத்துல இதத்தான் ஸ்டூடண்ட் சிண்ட்ரோம்னு சொன்னாரு. அப்புறம் எட்டாவது நாள் பேரிங் சைஸ் மாறி வந்துடும், அதுக்குன்னு வச்சிருந்த நாள் முன்னாடியே தீர்ந்து போயிருக்கும்.

சரி, சீக்கிரம் முடிச்சவங்களால லாபம் உண்டான்னா அதுவும் இல்ல. பேனல் வயரிங் ஆளு ஏழாம் நாளே முடிச்சாலும் வாய தொறக்க மாட்டாரு, சொன்னா அடுத்த சீசனுக்கு ஏழுதான் தருவாங்கன்னு பயம், அந்த பயம் நியாயமானதுதான். சொன்னாலும் அடுத்து வர்ற டீம் பத்தாம் தேதிக்குத்தான் ஆள் ரெடி பண்ணி வச்சிருக்கும். லேட்டு மட்டும் அப்படியே அடுத்தவன் தலைல ஏறும், மிச்சம் ஏறாது. இதுல சிவில், வயரிங், கன்வேயர் மூணும் முடிஞ்சாதான் ட்ரையல்னா எது கடைசியோ அதுதான் ட்ரையல் தேதி, மத்த ரெண்டு பேரும் முந்தினது வீண்.

சோம்பேறித்தனம்னு ஆளுங்கள திட்டறது எனக்கு ஒப்பல. தனித்தனியா ஒளிச்சு வச்ச நாள எடுத்து ஒரே இடத்துல வைக்கணும். ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணா மூணு வேலை, பத்து பத்தா முப்பது நாள்னு வைங்க. அஞ்சஞ்சா குறைச்சா பதினஞ்சு, வெட்டின பதினஞ்சுல பாதி, ஒரு எட்டு நாள, கடைசில எல்லாருக்கும் பொதுவா வச்சா 23. ஒருத்தர் ஏழு நாள் எடுத்தா பொதுவுல ரெண்டு போகும், இன்னொருத்தர் நாலுல முடிச்சா ஒண்ணு திரும்ப சேரும். அஞ்சுங்கறது பாதிக்குப் பாதி தாண்டற கணக்கு, தாண்டினதுக்கு யாரையும் கேள்வி கேட்கக்கூடாது. வேலை பாதிகூட முடியாம பொதுவுல முக்காவாசி கரைஞ்சிருந்தா மட்டும் உடனே இறங்கி பாக்கணும்.

முதலாளி அந்த எட்டு நாளையும் சும்மா கெடக்குதுன்னு வெட்டிட்டா அவ்வளவுதான், அடுத்த சீசனுக்கு ஃபிட்டர் திரும்ப பத்து நாள்னுதான் சொல்லுவாரு.