போய் வாங்க, மாஸ்டர் அண்ணா

அண்ணா, 22 வருஷமாக விடியற்காலை 4 மணிக்கு எங்கள் மெஸ் அடுப்பைப் பற்றவைத்த கை உங்களுடையது. வேலூர் வெயிலில் நாங்கள் மின்விசிறிக்கு அடியில் சுருண்டு கிடந்தபோது நீங்கள் அந்த அனலில் நின்று 300 பேருக்குச் சாதம் வடித்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்தான் வேண்டும் என்று காய்காரரிடம் பிடிவாதம் பிடிப்பீர்களே, அந்தத் தொக்கு இன்னும் நாக்கில் நிற்கிறது. முதல் வருஷம் எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, யாரும் கேட்காமலே பத்து நாள் தனியாகக் கஞ்சி வைத்து, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றீர்கள். காட்பாடியில் ரயில் தாமதமாகி நள்ளிரவில் வந்தாலும் மூடி வைத்த தட்டு ஒன்று இருக்கும்.

சரி அண்ணா, குடியாத்தத்தில் பேரப்பிள்ளைகளோடு இருங்கள், முழங்கால் வலியைக் கவனியுங்கள். பொங்கலுக்கு வருகிறோம். அன்றைக்கு நீங்கள் உட்காருங்கள், நாங்கள் பரிமாறுகிறோம்.