வருஷ கடைசி ஷட்டவுன், லீவு கணக்கு - எல்லா டிபார்ட்மெண்டுக்கும்

தேதி: 02.12.2024

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நம்ம ஃபவுண்ட்ரி டிசம்பர் 25 புதன்ல இருந்து ஜனவரி 1 புதன் வரைக்கும் மூடி இருக்கும். 24ம் தேதி செகண்ட் ஷிஃப்ட்தான் கடைசி, 2025 ஜனவரி 2 வியாழன் காலைல 6 மணிக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வழக்கம்போல ஆரம்பிக்கும்.

ரெண்டு ஃபர்னஸ்லயும் லைனிங் தேய்ஞ்சு போச்சு, பழசை உடைச்சு எடுத்து புதுசா ரேம்மிங் பண்ணி மெதுவா சூடேத்தி சின்டரிங் முடிக்கணும், இத ஓடுற ஃபர்னஸ்ல செய்ய முடியாது, அவசரப்பட்டா உருகின இரும்பு காயிலுக்கு போயிடும், அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கஸ்டமர் பிளாண்டுகளும் அந்த வாரம் மூடுறாங்க, அதனால டெஸ்பாட்ச்சும் இல்ல.

இப்ப லீவு கணக்கு. போன வருஷம் ஷட்டவுன்ல ஞாயித்துக்கிழமையையும் கிறிஸ்துமஸையும் சேர்த்து லீவுல கழிச்சுட்டோம். அது எங்க தப்பு. யாருக்கெல்லாம் அப்படி கழிஞ்சுதோ அந்த நாளெல்லாம் இந்த மாச பே ஸ்லிப்ல திரும்ப வந்துரும், நீங்க தனியா எழுதி குடுக்க வேண்டாம்.

இந்த தடவை மொத்தம் 8 நாள். அதுல 25ம் தேதியும் 1ம் தேதியும் பண்டிகை லீவு, 29 ஞாயிறு வார லீவு, இந்த மூணும் யார் கணக்குலயும் தொட மாட்டோம். மிச்சம் 26, 27, 28, 30, 31னு 5 நாள். இதுல 30, 31 ரெண்டு நாள் சம்பளத்தை கம்பெனி ஏத்துக்குது. 26, 27, 28 மூணு நாள் மட்டும்தான் உங்க லீவுல போகும், அதுவும் முதல்ல சிஎல், அது தீர்ந்தாதான் ஈஎல். ஏன்னா சிஎல் டிசம்பர் 31ஓட காலாவதி ஆயிடும், ஈஎல் அடுத்த வருஷத்துக்கு வரும், அத எதுக்கு வீணா கரைக்கணும்.

உதாரணத்துக்கு கோர் ஷாப்ல ஒருத்தருக்கு சிஎல் 2, ஈஎல் 11 இருக்குன்னு வைங்க. சிஎல் ரெண்டும் போய் ஈஎல்ல 1 கழிஞ்சு 10 நிக்கும். அவர் இந்த வருஷம் 291 நாள் வேலை பாத்திருந்தா 20 நாளுக்கு 1ன்னு 14.55 வருது, அரை நாளும் அதுக்கு மேலயும் இருந்தா முழு நாள், அதனால 15. ஜனவரி 1ல அவர் கணக்குல 25 இருக்கும். ஃபேக்டரீஸ் ஆக்ட் 79வது பிரிவு சொல்ற கணக்கு இதுதான், அதுக்கு வருஷத்துல 240 நாள் வேலை பாத்திருக்கணும்.

பழைய ஈஎல் 30 நாள் வரைக்கும்தான் அடுத்த வருஷத்துக்கு போகும். கழிச்ச பிறகும் 30க்கு மேல நிக்கிறவங்களுக்கு அந்த அதிகப்படி நாளுக்கு ஜனவரி சம்பளத்தோட காசா குடுத்துடுறோம். முறையா எழுதி குடுத்தும் ப்ரொடக்ஷன் அவசரம்னு நாங்க மறுத்த லீவு அந்த 30ல சேராது, அது அப்படியே இருக்கும், ஆனா அந்த லெட்டர் நகல் வெச்சிருக்கவங்க டைம் ஆஃபீஸ்ல ஒரு தடவை காட்டிடுங்க.

இந்த வருஷம் நடுவுல சேந்தவங்களுக்கு இன்னும் ஈஎல் வரல, அதுக்காக சம்பளம் பிடிக்க மாட்டோம். சேந்த நாள்ல இருந்து வருஷக் கடைசி வரைக்கும் மொத்த நாள்ல மூணுல ரெண்டு பங்கு வேலை பாத்திருந்தா ஜனவரி 1ல ஈஎல் ஏறும், அதுல 3 கழிச்சுக்குவோம். அப்படி ஈஎல் ஏறாதவங்க மெயின்டனன்ஸ் டீமோட அந்த மூணு நாள் வேலைக்கு வரலாம், சூப்பர்வைசர்கிட்ட 14ம் தேதிக்குள்ள பேர் குடுங்க. லைனிங், ஃபிட்டர், எலெக்ட்ரிக்கல் ஆளுங்க 26, 27, 28, 30, 31 வரணும், உங்களுக்கு லீவே கழியாது, கம்பெனி ஏத்துக்கிற ரெண்டு நாளுக்கு பதிலா ரெண்டு காம்ப் ஆஃப், மார்ச் முடியறதுக்குள்ள எடுத்துக்கலாம்.

ஒடிசா, பீகார் போற தம்பிங்களுக்கு, போக வர ரயில்லயே பல நாள் போயிடும்னு தெரியும். கூட லீவு வேணும்னா 14ம் தேதிக்குள்ள எழுதி குடுங்க, டிக்கெட் போட்டுட்டு வந்து கேக்காதீங்க.

பொங்கல் லீவை இதுல சேத்துட்டாங்கன்னு ஒரு பேச்சு ஓடுது. அது உண்மை இல்ல. ஜனவரி 14, 15, 16 மூணு நாளும் தனியா உண்டு.

24ம் தேதி செகண்ட் ஷிஃப்ட்காரங்க ஒண்ணு மறக்கவே கூடாது, சேண்ட் மிக்ஸரையும் ஹாப்பரையும் முழுசா காலி பண்ணிட்டு போங்க. போன ஜனவரி 2ம் தேதி உள்ள மண்ணு காஞ்சு கல்லா பிடிச்சு, ரெண்டு பேர் கடப்பாரை வெச்சு மத்தியானம் வரைக்கும் இடிச்சாங்க, மோல்டிங் லைன் அது வரைக்கும் சும்மா நின்னுச்சு. லாக்கர்ல சாப்பாட்டு டப்பா எதையும் வெச்சுட்டு போகாதீங்க.

ஒவ்வொருத்தர் பேருக்கும் நேரா சிஎல், ஈஎல் மிச்சம் போட்ட லிஸ்ட் 9ம் தேதி கேன்டீன் பக்கத்துல ஒட்டுவோம். தப்பு இருந்தா 16ம் தேதிக்குள்ள சொல்லுங்க, திருத்தின லிஸ்ட்டை 20ம் தேதி ஒட்டின பிறகுதான் கழிப்போம். டிசம்பர் சம்பளம் ஜனவரி 7க்குள்ள ஏறிடும்.

இப்படிக்கு,
தொழிற்சாலை மேலாளர்,
அரசூர் யூனிட், கோயம்புத்தூர்