சித்திக்கு, பாப்பா சாப்பாடு பற்றி

அன்புள்ள சித்தி,

மதியம் இரண்டு தடவை கூப்பிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை, தூங்குகிறீர்களோ என்று விட்டுவிட்டேன். இதைப் பார்த்ததும் ஒரு பதில் போடுங்கள். குழந்தைகள் வார்டில் இத்தனை வருஷம் நர்ஸாக இருந்தவர் நீங்கள், வேறு யாரைக் கேட்பேன்?

மாமாவும் அத்தையும் நேற்று கம்பத்திலிருந்து வந்தார்கள். ஒரு பை நிறையப் பன்னீர் திராட்சை, அது போக வறுத்த வேர்க்கடலை, முந்திரி, பாதாம். பாப்பாவுக்கு இப்போதுதான் ஒன்றே முக்கால் வயது. முன்னால் எட்டுப் பல், கடைவாயில் மேலே இரண்டு லேசாக எட்டிப் பார்க்கின்றன, அவ்வளவுதான். அவள் எதையும் மென்று தின்பதில்லை. நாலு கடி கடித்து அப்படியே விழுங்குகிறாள்.

நேற்று சாயங்காலம் மாமா மடியில் உட்கார்ந்து முழுக்கடலை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். அவர் ஏதோ சொல்ல, சிரித்தாள். உடனே புரையேறி முகமெல்லாம் சிவந்து இருமினாள். இருமலிலேயே கடலை வெளியே வந்துவிட்டது. எனக்குத்தான் கைகால் ஓடவில்லை. "எங்கள் பிள்ளைகள் எல்லாம் இப்படித் தின்றுதானே வளர்ந்தார்கள்" என்கிறார் அத்தை. அவர் பிரியமாகத்தான் கொடுக்கிறார், அதனால் சண்டை போடவும் மனசு வரவில்லை.

திராட்சையை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தேன், தோலை விட்டுச் சதை வழுக்கிக்கொண்டு ஓடியது. உள்ளே கொட்டை வேறு. உருண்டையாக வழவழவென்று இருப்பது தொண்டையில் போய் அடைத்துக்கொண்டால், கடலை மாதிரி இருமி வெளியே வருமா சித்தி?

இப்போதைக்குத் திராட்சையைத் தோல் உரித்து, கொட்டை எடுத்து, நீளவாக்கில் நாலாக நறுக்கிக் கொடுக்கிறேன். பாதாமையும் முந்திரியையும் நைஸாகப் பொடித்துக் கஞ்சியில் கலக்கிறேன். பொடியாகக் கொடுத்தபோது தடிப்பு, அரிப்பு எதுவும் வரவில்லை. இது போதுமா? முழுசாக எந்த வயதில் கொடுக்கலாம்? திராட்சைக்கு ஒரு வயது, கடலைக்கு ஒரு வயது என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். பொட்டுக்கடலையும் இந்தக் கணக்கில்தான் வருமா? கடலை மிட்டாய் நான் கொடுப்பதே இல்லை, அதைக் கேட்கவில்லை.

அப்புறம், நிஜமாகவே அடைத்துக்கொண்டால் குப்புறப் போட்டு முதுகில் எப்படித் தட்டுவது என்று ஒரு தடவை காட்டித் தந்தீர்களே, ஞாயிற்றுக்கிழமை வரும்போது மறுபடி காட்டுங்கள். அப்போது அவள் கைக்குழந்தை. இப்போதும் அதே மாதிரிதானா?

ஒரு உதவி. நான் கேட்டதாகச் சொல்லாமல், நீங்களே அத்தைக்கு போன் போட்டு இதைச் சொல்லிவிடுங்களேன். நீங்கள் சொன்னால் கேட்பார். திராட்சைக் கூடையை அலமாரி மேல்தட்டில் ஏற்றி வைத்திருக்கிறேன். ஆனால் மாமா உயரமானவர்.

உங்கள்
செல்வி