கதவைத் தட்டுவதற்கு முன்

இரவு பதினொரு மணி. பிள்ளையின் அறையில் விளக்கு அணைந்துவிட்டது. ஆனால் கதவுக்குக் கீழே போனின் நீல வெளிச்சம் தெரிகிறது. நெஞ்சு கொதிக்க எழுந்து போகிறோம். நம் கட்டிலுக்கும் அந்தக் கதவுக்கும் இடையிலுள்ள பத்து அடியைப் பற்றித்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

சென்ற வருடம் என் மூத்தவன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது நானும் அப்படித்தான் போனேன். போனைப் பறித்து அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தேன். நான்கு நாட்கள் அவன் என்னோடு பேசவில்லை. சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுவான். ஐந்தாம் நாள் ரியூசன் முடிந்து ஸ்கூட்டரில் ஏற்றி வருகிறேன். கல்லடிப் பாலத்தில் வாவிக்காற்று முகத்தில் அடிக்கிறது. பின்னால் இருந்து மெதுவாகச் சொன்னான்: "அம்மா, அன்றைக்கு நான் கேம் விளையாடவில்லை. என் நண்பனுடைய வீட்டில் சண்டை. அழுதுகொண்டிருந்தான். இடையில் எப்படி விட்டுவிட்டு வருவது?"

பாலம் முடியும்வரை எனக்குப் பேச்சு வரவில்லை.

எல்லாப் பிள்ளைகளும் எல்லா இரவும் நண்பனின் கண்ணீரைத்தான் துடைக்கிறார்கள் என்று சொல்லவில்லை. பல இரவுகள் வெறும் வீடியோதான். ஆனால் அன்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும், எதிரே நிற்க வைத்து விசாரணை மாதிரிக் கேட்டிருப்பேன். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு முகத்துக்கு முகம் பார்த்துப் பேசுவது கடினம். ஸ்கூட்டரின் பின்னால் இருக்கும்போதும், பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவும்போதும் வார்த்தை தானாக வருகிறது.

பிள்ளையிடம் போகுமுன் நாம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இந்தப் போனை வாங்கிக் கொடுத்தவர்கள் நாம்தான். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது காப்பை அடகு வைத்து வாங்கியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இன்றும் ரியூசன் குறிப்பு வட்ஸ்அப்பில்தான் வருகிறது. அப்படியிருக்க, "போன்தான் உன்னைக் கெடுக்கிறது" என்றால் பிள்ளை எப்படி நம்பும்?

பிள்ளை காலையில் எரிந்து விழுவதற்குப் பெரும்பாலும் தூக்கக் குறைவும் ஒரு காரணம். பருவ வயதில் உடலின் கடிகாரமே பின்தள்ளிப்போகிறது. தூக்கம் தாமதமாகத்தான் வரும். அது சோம்பல் அல்ல. ஆனால் 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணித்தியாலத் தூக்கம் வேண்டும். பள்ளிக்கூட மணி அதற்காகக் காத்திருக்காது. அதனால் பகல் முழுவதும் போனுக்காகச் சண்டை பிடிக்காமல், இரவை மட்டும் முதலில் மீட்டெடுங்கள். எங்கள் வீட்டில் ஒன்பதரைக்கு எல்லாப் போனும் மண்டபத்து அலுமாரியின் மேல் சார்ஜரில் இருக்கும். என்னுடையதும்தான். முதல் வாரத்தில் இரண்டு தடவை நான்தான் விதியை மீறினேன். மகன் கவனித்தான். மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகுதான் அவன் போனும் முணுமுணுப்பில்லாமல் அங்கே வந்தது.

கட்டாரிலோ துபாயிலோ இருந்து வீடியோ அழைப்பில் வரும் தகப்பன்மாருக்கும் சொல்கிறேன். கிடைக்கும் பத்து நிமிடத்தில் "படித்தாயா, போனை வைத்தாயா" என்று தொடங்காதீர்கள். நேற்றைய கிரிக்கெட்டில் எத்தனை ஓட்டம் எடுத்தான் என்று கேளுங்கள்.

"எந்த நேரமும் போன்தான்" என்பது குற்றச்சாட்டு. "நேற்று ஒரு மணிவரை வெளிச்சம் தெரிந்தது மகன், எனக்குக் கவலையாக இருக்கிறது, என்ன நடக்கிறது?" என்பது கேள்வி. கேட்டபின் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். எனக்கு இன்றும் கடினமாக இருப்பது அதுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளையை அந்த இடத்தில் இழுக்கவே கூடாது.

யாராவது படம் கேட்டு மிரட்டினால், பிள்ளை மிரட்டுகிறவனைவிட நம் அடிக்குத்தான் பயந்து மறைக்கும். அதனால் ஒன்றும் நடக்காத நாளிலேயே சொல்லி வையுங்கள்: "என்ன நடந்தாலும் என்னிடம் வா. அடிக்க மாட்டேன்." சொன்னால் அடிக்கவும் கூடாது.

காலைக் கோபம் மாலையில் தணிந்தால் பொறுக்கலாம். ஆனால் இரண்டு கிழமைக்கு மேல் முகம் வாடியே இருந்தால், சாப்பாட்டையும் நண்பர்களையும் விட்டு ஒதுங்கினால், கையில் வெட்டுக்காயம் தெரிந்தால், "இருந்து என்ன பயன்" என்று சொன்னால், போனைக் குறைசொல்லிக்கொண்டு இருக்காதீர்கள். சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. அப்படி இருந்தால் பிள்ளையைத் தனியே விடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். ஊர் என்ன சொல்லும் என்று தயங்க இது நேரமில்லை.

எங்கள் வீட்டில் இன்னும் சில இரவுகளில் விதி தவறி அந்த நீல வெளிச்சம் தெரிகிறது. இப்போது நான் கதவைத் தட்டிவிட்டு நிற்கிறேன். சில நாள் "வாங்க அம்மா" என்கிறான். சில நாள் "நாளைக்குச் சொல்கிறேன்" என்கிறான். நாளைக்கு என்றால் திரும்பி வந்து படுத்துக்கொள்கிறேன். மறுநாள் ரியூசன் வாசலில் கொஞ்சம் முந்திப் போய்க் காத்திருப்பேன்.